போன வருஷ லாபம் எப்படி மாறியது?

நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கலாம். லாப நட்டக் கணக்கில் எப்போதும் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று இந்த ஆண்டுக்கு, மற்றது ஒப்பிட்டுப் பார்க்கப் போன ஆண்டுக்கு. போன ஆண்டு வந்த அறிக்கையில் லாபம் 3 கோடியே 20 லட்சம் என்று இருந்திருக்கும். அதே ஆண்டின் லாபம் இந்த அறிக்கையில் 2 கோடியே 70 லட்சம் என்று அச்சாகியிருக்கும். தலைப்பில் சின்னதாக ‘ரீஸ்டேட்டட்’ என்று ஒரு சொல். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு, பங்குதாரர்கள் கைதூக்கி ஏற்றுக்கொண்ட கணக்கு எப்படி மாறும்?

மாறலாம். ஆனால் கணக்கில் வருகிற எல்லா மாற்றமும் பின்னோக்கிப் போய்ப் பழைய எண்ணைத் தொட முடியாது. சில மாற்றங்கள் இன்றிலிருந்து முன்னோக்கி மட்டுமே போக வேண்டும். எது பின்னே போகும், எது முன்னே போகும் என்பதைத் தீர்மானிக்கிற விதிக்கு உலக அளவில் ஐஏஎஸ் 8 என்று பெயர். கலெக்டர் பதவிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கணக்கியல் தரநிலை. இந்தியாவில் இதன் வடிவம் இண்ட் ஏஎஸ் 8. பங்குச் சந்தையின் பிரதானப் பிரிவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பட்டியலிடப்படாவிட்டாலும் 250 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்பு உள்ள நிறுவனங்களும் இதன்படி நடக்க வேண்டும்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த காலத்தில் ஒன்றிரண்டு மில்களில் பார்த்ததைக் கலந்து, எண்களை மாற்றிச் சொல்கிறேன். வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் மாறுமே தவிர விஷயம் மாறாது.

2024 மார்ச் 30ஆம் தேதி இரவு, மில்லிலிருந்து இரண்டு லாரிகளில் 20 டன் நூல் திருப்பூருக்குக் கிளம்பியது. பில் போட்டாயிற்று, விற்பனையில் சேர்த்தாயிற்று. மறுநாள் ஆண்டு முடிவு. குடோனில் சரக்கு எண்ணிக் கணக்கெடுத்தவர்கள், முந்தின நாள் மாலையே தயாராகிவிட்ட பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். லாரியில் போய்விட்ட 20 டன்னும் அந்தப் பட்டியலில் இருந்தது. கிலோ 250 ரூபாய் அடக்க விலை என்றால் 50 லட்சம். அதாவது, ஒரே நூல் விற்பனையாகவும் இருக்கிறது, கையிருப்பாகவும் இருக்கிறது. இறுதிச் சரக்கிருப்பு 50 லட்சம் கூடியது. அதனால் 2023-24 லாபமும் 50 லட்சம் கூடி 3 கோடியே 20 லட்சமாக வெளியானது.

இந்தத் தப்பு அடுத்த ஆண்டு தானாகவே தன்னைச் சரி செய்துகொள்ளும். போன ஆண்டின் இறுதி இருப்புதான் இந்த ஆண்டின் தொடக்க இருப்பு. அது 50 லட்சம் அதிகமாக இருப்பதால் இந்த ஆண்டின் செலவு 50 லட்சம் கூடி, லாபம் அதே அளவு குறையும். இரண்டு ஆண்டையும் கூட்டிப் பார்த்தால் மொத்த லாபம் சரியாகத்தான் இருக்கும். மில் முதலாளிகள் இதைத்தான் சொல்வார்கள்: “அதுதான் இந்த வருஷம் நேராயிருச்சுங்களே, விடுங்க ஆடிட்டர் சார்.”

விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2024-25க்கு ஏட்டில் உள்ளபடி லாபம் 2 கோடியே 40 லட்சம். அறிக்கையைப் படிப்பவர் கண்ணுக்கு லாபம் 3.20 கோடியிலிருந்து 2.40 கோடியாக விழுந்திருக்கிறது. மில் சரிகிறது என்று நினைத்துப் பங்கை விற்பார். உண்மையில் போன ஆண்டு 2.70, இந்த ஆண்டு 2.90. மில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தானாகச் சரியான அந்தத் தப்பு, ஏற்றத்தை இறக்கமாகக் காட்டிவிட்டது.

அதனால்தான் பிழைக்கு விதி கடுமையாக இருக்கிறது. முந்தைய ஆண்டில் பொருட்படுத்தத்தக்க அளவு பிழை இருந்தது என்று தெரிந்தால், அந்தப் பிழை நடக்காமலே இருந்திருந்தால் எண்கள் எப்படி இருந்திருக்குமோ அப்படியே ஒப்பீட்டுப் பத்தியைத் திருத்தி எழுத வேண்டும். பிழையின் சுமையை இந்த ஆண்டு லாபத்தின் தலையில் வைக்கக் கூடாது. ஒப்பீட்டுப் பத்திக்கும் முந்தைய ஆண்டில், உதாரணமாக 2021-22இல், நடந்த பிழை இன்னும் ஐந்தொகையில் தங்கியிருந்தால், அறிக்கையில் காட்டுகிற மிகப் பழைய ஆண்டின் தொடக்க நாளில் சேர்த்துவைத்த லாபத்தைத் திருத்திவிட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தொடக்க நாளைக்கான ஐந்தொகையையும் மூன்றாவதாகச் சேர்த்து அச்சிட வேண்டும். என்ன பிழை, எந்த வரியில் எவ்வளவு மாறியது என்று குறிப்பும் எழுத வேண்டும். இந்தக் குறிப்பை எழுதத்தான் யாருக்கும் கை வராது.

இங்கே பலர் ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். போன ஆண்டு கையெழுத்தாகிப் பதிவாளரிடம் தாக்கலான அறிக்கை அப்படியேதான் இருக்கும். மாறுவது இந்த ஆண்டு அறிக்கையில் உள்ள ஒப்பீட்டுப் பத்தி மட்டுமே. பழைய அறிக்கையையே எடுத்துத் திருத்தி எழுத வேண்டுமானால் கதை வேறு. நிறுவனம் தானாக முன்வந்து செய்வதென்றால் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். அதுவும் முந்தைய மூன்று நிதியாண்டுகளுக்குள்தான் முடியும்.

இப்போது அதே மில்லின் இயந்திரக் கூடத்துக்கு வருவோம்.

2019 ஏப்ரல் 1ஆம் தேதி, நூலைக் கோன்களில் சுற்றுகிற ஆட்டோகோனர் இயந்திரங்கள் பத்தரை கோடி ரூபாய்க்கு வந்து இறங்கின. 15 ஆண்டு ஓடும், கடைசியில் பழைய இரும்பு விலைகூடத் தேறாது என்று மில் முடிவு செய்தது. ஆண்டுக்கு 70 லட்சம் தேய்மானம். 2024 மார்ச் 31 வரை ஐந்து ஆண்டில் மூன்றரை கோடி கழிந்து, ஏட்டில் ஏழு கோடி மிச்சம். 2024 ஏப்ரலில் உற்பத்தியாளரிடமிருந்து கடிதம் வருகிறது. இந்த மாடலின் மின்னணுப் பலகைகளைத் தயாரிப்பதை நிறுத்தப்போகிறோம், 2029 மார்ச்சுக்குப் பிறகு உதிரிபாகம் கிடைக்காது என்கிறது கடிதம். மில் இன்ஜினியர் கணக்குப் போட்டுப் பார்த்து, இன்னும் ஐந்து ஆண்டுதான் என்கிறார்.

அப்படியானால் இயந்திரத்தின் மொத்த ஆயுள் 15 இல்லை, 10 ஆண்டு. முதலிலேயே 10 என்று போட்டிருந்தால் ஆண்டுக்கு ஒரு கோடியே 5 லட்சம் கழித்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டில் ஒரு கோடியே 75 லட்சம் குறைவாகக் கழித்திருக்கிறோம். புதிதாகக் கணக்கு எழுத வருகிற பையன்கள் உடனே இந்த 1.75 கோடியை எடுத்து எங்கே போடுவது என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். எங்கேயும் போடக் கூடாது என்பதுதான் பதில். மிச்சமிருக்கிற ஏழு கோடியை மிச்சமிருக்கிற ஐந்து ஆண்டுக்குப் பங்கிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோடியே 40 லட்சம். 2024-25இலும் அடுத்த நான்கு ஆண்டிலும் தேய்மானம் பழையதைப் போல இரண்டு மடங்கு ஆகும். மேலே சொன்ன 2.40 கோடி லாபம் இந்தத் தேய்மானத்தைக் கழித்த பிறகு வந்ததுதான். கடந்த ஐந்து ஆண்டின் எண்களில் ஒரு ரூபாய்கூட மாறாது.

ஏன் இந்தப் பாரபட்சம்? நூல் இருப்பில் 50 லட்சத்துக்குப் பின்னே போனோம், இங்கே அதைப் போல மூன்றரை மடங்குத் தொகைக்குப் போகக் கூடாது என்கிறோமே? தொகையின் அளவு இங்கே பேச்சே இல்லை. 2019இல் 15 ஆண்டு என்று முடிவெடுத்தபோது, அன்று கையில் இருந்த தகவலை வைத்து நியாயமாகத்தான் முடிவெடுத்தார்கள். உற்பத்தியாளர் நிறுத்தப்போவது அன்று யாருக்கும் தெரியாது. இயந்திரம் எத்தனை நாள் ஓடும், கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் கொடுக்காமல் போவார்கள், விற்ற பொருளுக்கு வாரண்டியில் எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் எதிர்காலத்தைப் பற்றிய மதிப்பீடுகள். புதுத் தகவல் வந்தால் மதிப்பீடு மாறும். நேற்று மழை வராது என்று சொல்லி இன்று பெய்தால், நேற்றுச் சொன்னவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். ஆனால் லாரியில் ஏறிப் போன நூலைக் குடோனில் இருப்பதாக எழுதியது அப்படியில்லை. அன்றைக்கே தெரிந்திருக்கக்கூடிய, தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. பில் புத்தகத்தையும் இருப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

ஆகவே ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கணக்கு ஒப்புதல் பெற்ற நாளில் இந்தத் தகவல் கிடைக்கக்கூடியதாக இருந்ததா? இருந்தும் பயன்படுத்தவில்லை, அல்லது தவறாகப் பயன்படுத்தினார்கள் என்றால் அது பிழை. பின்னர்தான் வந்தது என்றால் மதிப்பீட்டு மாற்றம். நடந்த பிறகு வருகிற ஞானத்தைப் பழைய ஆண்டின் கணக்கில் நுழைக்கக் கூடாது என்று தரநிலையே தனியாகச் சொல்கிறது.

மதிப்பீட்டு மாற்றம் பெரிய நிறுவனங்களில் எவ்வளவு பணத்தை நகர்த்தும் என்பதற்குச் சமீபத்திய உதாரணங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், தன் சர்வர்களின் ஆயுளை 2023 தொடக்கத்திலிருந்து நான்கு ஆண்டிலிருந்து ஆறாக உயர்த்தியது. நெட்வொர்க் கருவிகள் சிலவற்றுக்கும் ஐந்து ஆறானது. இதனால் அந்த ஓர் ஆண்டில் மட்டும் தேய்மானம் சுமார் 340 கோடி டாலர் குறையும் என்று முன்கூட்டியே அறிவித்தது. ஒரு டாலர்கூடப் புதிதாக உள்ளே வரவில்லை. லாபம் மட்டும் கூடியது. அமேசான் நிறுவனம் சர்வர்களின் ஆயுளைப் படிப்படியாக மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று ஏற்றிக்கொண்டே போய், 2025 தொடக்கத்தில் ஒரு பகுதி சர்வர்களுக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது என்பது அது சொன்ன காரணம். ஏற்றியபோதும் இறக்கியபோதும் பழைய ஆண்டுகளை அது தொடவில்லை. மதிப்பீடு என்பதால் தொடவும் கூடாது.

மூன்றாவது வகை, கொள்கை மாற்றம். இது பிழையும் இல்லை, மதிப்பீடும் இல்லை. அளக்கிற முறையே மாறுவது. இன்னொரு மில் பஞ்சு இருப்பை இதுவரை ‘முதலில் வந்தது முதலில் போகும்’ என்ற முறையில் மதிப்பிட்டு வந்தது, இனிமேல் எடையிட்ட சராசரி விலைக்கு மாறுகிறது என்று வைப்போம். இரண்டுமே அனுமதிக்கப்பட்ட முறைகள். ஆனால் ஒரு வருஷம் படியில் அளந்து, மறு வருஷம் தராசில் நிறுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நெல் கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? எனவே புது முறை ஆதியிலிருந்தே இருந்ததுபோலப் பழைய பத்தியையும் மாற்றி எழுத வேண்டும். சராசரி முறையில் 2023 மார்ச் 31 இருப்பு 12 லட்சமும், 2024 மார்ச் 31 இருப்பு 20 லட்சமும் குறைகிறது என்றால், 12 லட்சம் சேர்த்துவைத்த லாபத்தின் தொடக்கத்திலேயே கழியும். வித்தியாசமான எட்டு லட்சம் 2023-24 லாபத்தில் கழியும்.

நினைத்தபோதெல்லாம் முறையை மாற்றிக்கொள்ளவும் முடியாது. தரநிலை ஒன்று கட்டாயப்படுத்த வேண்டும், அல்லது புது முறையால் படிப்பவருக்கு நம்பகம் குறையாமல் கூடுதல் பயனுள்ள தகவல் கிடைக்கும் என்று காட்ட வேண்டும். பழைய கொள்முதல் விவரம் கிடைக்கவில்லை என்று உண்மையிலேயே கையை விரிக்கும் நிலை வந்தால், எந்த ஆண்டிலிருந்து கணக்கிட முடிகிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

கொள்கைக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவே உள்ள கோடு எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. தேய்மானத்தை நேர்கோட்டு முறையில் கழிப்பதா, குறைந்துவரும் மதிப்பில் கழிப்பதா என்பது நம் பழைய இந்தியத் தரநிலையில் கொள்கையாக இருந்தது. முறையை மாற்றினால் இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து திரும்பக் கணக்கிட்டாக வேண்டும். இப்போது அதே மாற்றம் மதிப்பீட்டு மாற்றம் ஆகிவிட்டது. இயந்திரத்தின் பயன் எந்த வேகத்தில் தீர்கிறது என்ற கணிப்புதான் முறையாக வெளிப்படுகிறது என்பது இன்றைய பார்வை. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. இரண்டில் எது என்று சொல்ல முடியாத நிலையில் மதிப்பீடாகவே கொள்ள வேண்டும் என்று விதியும் ஒதுங்கிக்கொள்கிறது.

இண்ட் ஏஎஸ் வட்டத்துக்கு வெளியே இருக்கிற சிறு கம்பெனிகளுக்கு ஏஎஸ் 5 என்ற பழைய தரநிலைதான் இன்றும். அதில் பழைய பத்தியைத் தொடும் வழக்கமே கிடையாது. நம் மில் அந்த வகையாக இருந்தால், இந்த ஆண்டு லாபம் 2.90 கோடி என்று காட்டி, அதற்குக் கீழே ‘முந்தைய ஆண்டு இனம்’ என்று 50 லட்சத்தைத் தனி வரியில் கழித்து, 2.40 என்று முடிக்கும். போன ஆண்டுப் பத்தியில் 3.20 அப்படியே நிற்கும். படிப்பவர் அந்தத் தனி வரியைக் கவனித்து, தானே மனத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று வகைக்கும் நடத்தும் விதம் வேறுவேறாக இருப்பதால், ஒன்றை மற்றொன்றின் வேஷத்தில் அனுப்புகிற ஆசையும் கூடவே வரும். பிழை என்று ஒப்புக்கொண்டால் கௌரவம் போகும், அந்த லாபத்தை வைத்து வாங்கிய போனஸ் பற்றிக் கேள்வி வரும், பழைய ஐந்தொகையை நம்பிக் கடன் கொடுத்த வங்கி கூப்பிடும். ‘மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்தோம்’ என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் குப்பை அள்ளும் பெரிய நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 1990களில் அது தன் குப்பை லாரிகளின் ஆயுளைக் கூட்டிக்கொண்டே போனது. கடைசியில் விற்றால் கிடைக்கும் என்று போட்ட தொகையையும் ஆதாரமில்லாமல் உயர்த்தியது. ஆண்டுக்கு ஆண்டு தேய்மானம் குறைந்தது, லாபம் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் இவையெல்லாம் மதிப்பீடுகள். ஆனால் லாரி நீண்ட நாள் ஓடும் என்பதற்கான எந்தப் புதுத் தகவலும் பின்னால் இல்லை. லாப இலக்கு மட்டும்தான் இருந்தது. புது நிர்வாகம் வந்து தோண்டியபோது, 1998 பிப்ரவரியில் சுமார் 170 கோடி டாலர் அளவுக்கு முந்தைய ஆண்டுகளின் வருவாயைத் திருத்த வேண்டியதாயிற்று. அதுவரை நடந்த திருத்தங்களிலேயே பெரியது அதுதான் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் குறிப்பிட்டது. நிறுவனரும் மற்ற மேலதிகாரிகளும் 2002இல் வழக்கைச் சந்தித்தார்கள். அப்போது உலகின் ஐந்து பெரிய ஆடிட்டிங் நிறுவனங்களில் ஒன்றாக இருந்த ஆர்தர் ஆண்டர்சன்தான் கணக்குக்குக் கையெழுத்திட்டிருந்தது.

ஆகவே ஆயுளை மாற்றியிருக்கிறார்கள் என்று குறிப்பில் பார்த்தால், மாற்றத்துக்கு என்ன சான்று, அது எப்போது கிடைத்தது என்று தேட வேண்டும். எல்லா மாற்றங்களும் ஆண்டின் கடைசிக் காலாண்டில் வருகின்றனவா, எல்லாமே லாபத்தைக் கூட்டும் திசையிலேயே போகின்றனவா என்பதையும் பார்க்கலாம். இவை எதையும் நிரூபிக்காது. ஆனால் மேலும் துருவச் சொல்லும்.

நம் மில்லுக்கே திரும்புவோம். இன்ஜினியரின் மேசையில் இருந்த அந்தக் கடிதம் ஏப்ரலில் வந்ததாக மேலாளர் சொன்னார். கடிதத்தின் மேலே, ‘எங்கள் முந்தைய அறிவிப்பின் தொடர்ச்சியாக’ என்று ஒரு வரி இருந்தது.

“முந்தைய அறிவிப்புன்னா எதுங்க?”

“அது வந்து, பழைய கோப்புல இருக்கும்னு நினைக்கிறேன் சார்.”

கோப்பை எடுத்து வந்தபோது முதல் கடிதம் கிடைத்தது. அதே செய்தி, அதே 2029 மார்ச். தபால் பிரிவின் வரவு முத்திரையில் 2022 மார்ச் 14 என்று இருந்தது. இரண்டு ஆண்டாக அது அங்கேயே தூங்கியிருக்கிறது.

அதோடு கணக்கு வேறு வழிக்குப் போய்விட்டது. 2022 மார்ச்சில் மூன்று ஆண்டு கழிந்து, ஏட்டில் எட்டு கோடியே 40 லட்சம் இருந்தது. தகவல் அன்றே கையில் இருந்தபடியால் அதை 2029 வரையான ஏழு ஆண்டுக்குப் பங்கிட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோடியே 20 லட்சம். 2022-23லும் 2023-24லும் 70 லட்சம் மட்டும் கழித்ததால், ஆண்டுக்கு 50 லட்சம் குறைவு. இது மதிப்பீட்டு மாற்றம் இல்லை, பிழை. 2022-23க்கான 50 லட்சம் தொடக்க இருப்பில் கழியும். 2023-24 லாபம் ஏற்கனவே 2.70க்கு இறங்கியிருந்தது, இப்போது 2.20 ஆகும். 2024-25க்கான தேய்மானம் 1.40க்குப் பதில் 1.20 என்பதால் இந்த ஆண்டு லாபம் 2.90இலிருந்து 3.10க்கு ஏறும்.

மேலாளர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் கூடுதே, பரவாயில்லைங்க” என்றார். முதலாளி பக்கத்துப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். போன ஆண்டு 3.20ஐக் காட்டித்தான் வங்கியில் நடைமுறை மூலதனக் கடனை உயர்த்தி வாங்கியிருந்தார்கள். அந்த இடத்தில் இனி 2.20 என்று அச்சாகப்போகிறது.